இடம் மாறிய வரிகள்

கணவனின் அக்கா போனில் அழைத்தாலே படக்காரிக்குப் பயம். அந்தக் குடும்பத்தில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து படக்காரிதான். செருப்பு, கைக்கடிகாரம், சாப்பாட்டு மேஜை என்று கடைகளில் விற்கிற பொருள்களைப் படம் பிடிப்பது அவள் பிழைப்பு. நாத்தனாருக்கு இசைக்கருவிக் கடை. கிடாரும் கீபோர்டும் விற்றுக்கொண்டிருந்தவள், போன வருஷம்தான் வயலினிலும் கை வைத்தாள். கடையின் இணையப் பக்கத்துக்கு எல்லாப் படங்களையும் எடுத்துக் கொடுத்தது தம்பி பெண்டாட்டிதான்.

"உன் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு உடனே வா. அந்தத் தேன் கலர் வயலினை வாங்கினவங்க வந்து உக்காந்திருக்காங்க. வேற வயலினை மாத்தி அனுப்பிட்டேனாம்! நான்! என்னைப் பாத்து!"

"மாத்தி அனுப்பிட்டீங்களா அண்ணி?"

"அந்தக் கலர்ல இருந்ததே ஒண்ணு. அதுக்கு மாத்தா? நீதான் படத்துல என்னமோ பண்ணி வெச்சிருக்கே. வந்து பதில் சொல்லு."

படக்காரிக்குச் சுருக்கென்றது. வழி முழுக்க மனசுக்குள் கணக்கு ஓடியது. அந்த வயலினை அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. முன்பக்கம் எடுக்கத்தான் பாடாய்ப் பட்டாள். கம்பிகளைத் தாங்குகிற குதிரை ஒரு மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தில் நாலு கம்பியும் கோணிக்கொண்டு தெரியும். கடையில் வயலின் பழுது பார்ப்பவரை வரவழைத்துக் குதிரையை நிமிர்த்தி நிற்கவைத்த பிறகுதான் கம்பிகள் நூல் பிடித்ததுபோல் வந்தன. கம்பிகளின் அடியில் இருக்கும் சின்னத் திருகுகள் கண்ணாடி மாதிரி அறையையே வாங்கிக் காட்டின. ஒரு திருகில் அவள் மூக்குகூடத் தெரிந்தது. வெள்ளை அட்டைகளை அண்டக்கொடுத்து அதை மறைத்தாள். அதோடு ஒப்பிட்டால் பின்பக்கம் சுலபம். மரம் தன்பாட்டுக்கு அழகாகக் கிடந்தது, விளக்கை வைத்தாள், எடுத்தாள். அப்புறம் கம்ப்யூட்டரில் தூசியும் விரல்ரேகையும் எடுத்தாள். வேறெதுவும் செய்யவில்லை. செய்யவில்லைதானே?

கடையில் வயலின் கல்லாமேஜை மேல் மல்லாந்து கிடந்தது. அதன் பக்கத்தில் நெற்றியில் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்ட ஒரு அம்மாள். பல் டாக்டராம். ஐம்பது வயதுக்கு மேல் வயலின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு, ஊரிலுள்ள அத்தனை கடைகளின் படங்களையும் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தவர். சண்டைக்கு வந்த முகமாக அது தெரியவில்லை. ஏமாந்த முகமாகத்தான் இருந்தது.

"நீங்கதான் படம் எடுத்தவங்களா?" என்று டாக்டர் போனை நீட்டினார். "இதப் பாருங்க. பின்பக்கத்துல இடுப்பு மாதிரி ஒடுங்குற இடம். அங்க கருப்பா ஒரு பட்டை, பறவை சிறகை விரிச்ச மாதிரி. அதுக்காகவேதான் வாங்கினேன். இப்ப வயலினைத் திருப்பிப் பாருங்க."

படக்காரி கம்பிகள் எதிலும் படாமல் வயலினைத் தூக்கித் திருப்பினாள். மேப்பிள் மரத்தின் குறுக்கே புலியின் முதுகுபோல் வெளிச்சமும் இருட்டுமாக வரிகள் ஓடின. படத்தில் கருப்புச் சிறகு இருந்த இடத்தில் தங்க நிறத்தில் ஒரு பட்டை மின்னியது. கருப்பு அதற்குக் கீழே இருந்தது. சிறகாகவும் இல்லை.

"முன்பக்கம் எல்லாம் சரியா இருக்கு," என்றார் டாக்டர். "ஆனா முன்பக்கம் எனக்கு எல்லா வயலினும் ஒண்ணுபோலத்தான் தெரியுது. அதனால எனக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்ல முடியும்?"

"அவ ஏதோ மெருகு போட்டிருப்பா டாக்டர்," என்றாள் நாத்தனார். "கல்யாணப் படத்துலயே எங்க தம்பியை மாநிறத்துலேர்ந்து சிவப்பாக்கினவ."

"அது நான் எடுத்த படம் இல்ல அண்ணி, எனக்குத்தான் அன்னிக்குக் கல்யாணமே!"

டாக்டர் சிரித்துவிட்டார். நாத்தனார் சிரிக்கவில்லை.

படக்காரி கம்ப்யூட்டரைத் திறந்து, கேமராவிலிருந்து இறங்கிய மூலப்படத்தை எடுத்தாள். யாரும் கை வைக்காத படம். தூசி, விரல்ரேகை, மேஜை ஓரத்தில் தொங்கும் நாத்தனாரின் துணிமுனை, எல்லாம் இருந்தன. கருப்புச் சிறகும் இருந்தது, அதே இடத்தில்.

அவளுக்கு ஒரு கணம் நிம்மதி. மறுகணமே அது போய்விட்டது. படம் பொய்யில்லை என்றால் வயலின் வேறாகிவிடும். அப்படியானால் பழி நாத்தனார் தலையில் போய் உட்காரும். நாத்தனாருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவள் முகம் சுருங்கியது.

"என் பிள்ளைங்க மேல சத்தியமா ஒண்ணுதான் வந்துச்சு," என்றாள், முதல்முறையாகத் தணிந்த குரலில்.

படக்காரிக்கு இப்போது பயம் போய் வேறொன்று வந்திருந்தது. முடிச்சு ஒன்றைக் கையில் கொடுத்தால் அவிழ்க்காமல் கீழே வைக்கத் தெரியாதவள் அவள். படத்தைப் பெரிதாக்கினாள். மரத்தின் ஓரம், மெருகின் சிராய்ப்பு, கழுத்து சேருமிடத்தில் கடுகளவு ஒரு மச்சம். வயலினைப் பார்த்தாள். அதே மச்சம், அதே இடத்தில்.

"மச்சம் ஒத்துப்போகுது டாக்டர்."

டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு குனிந்தார். "ஆமா. மச்சம் அதேதான். அப்ப வரி மட்டும் எப்படி நகரும்?"

படக்காரி படத்தை இன்னும் கீழே நகர்த்தினாள். தாடையை வைத்துக்கொள்ளும் கட்டையை வயலினோடு சேர்த்து இறுக்குகிற உலோகப் பிடி, பின்பக்க விளிம்பில் கொக்கிபோல் மடங்கியிருந்தது. அதன் ஒரு ஓரத்தில் வெள்ளைவெளேரென்று விளக்கின் பிம்பம். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அன்னிக்கு நான் விளக்கை எந்தப் பக்கம் வெச்சேன்?"

"எனக்கென்ன தெரியும்? பிளக் அந்த மூலைல ஒண்ணுதான் வேலை செஞ்சுது. அங்கதான் செருகினே."

"அதேதான். வயலினோட கீழ்ப்பக்கம். இதோ, இந்தப் பிடியோட வெளிவிளிம்பு மின்னுது பாருங்க." அவள் வயலினை எடுத்துக் காட்டினாள். கடை ஜன்னல் வயலினின் தலைப்பக்கம் இருந்தது. இப்போது பிடியின் எதிர்விளிம்பு மின்னியது. "டாக்டர், வீட்டுல இதை எங்க வெச்சுப் பாத்தீங்க?"

"முதுகு தெரியுற மாதிரி சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டேன். மேல விளக்கு."

"அப்ப வெளிச்சம் எப்பவும் தலைப்பக்கத்துலேர்ந்துதான் வந்திருக்கும்."

அவள் வயலினை மேஜைமேல் மெத்துத்துணியில் கவிழ்த்து வைத்தாள். ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். மேஜை விளக்கைப் போட்டு, அன்று வைத்த அதே பக்கம் தாழப் பிடித்தாள்.

இடுப்புப் பகுதியில் தங்கம் மங்கி, கருப்பு எழுந்தது. சிறகு விரிந்தது.

"அடி ஆத்தி!" என்றாள் நாத்தனார்.

விளக்கை மெதுவாகத் தலைப்பக்கம் கொண்டுபோனாள். சிறகு கரைந்து தங்கமானது. பக்கத்துப் பட்டை கருத்தது. திரும்பக் கொண்டுவந்தாள். மறுபடி சிறகு. மரத்துக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுப்பதுபோல் இருந்தது. டாக்டர் விளக்கைத் தன் கையில் வாங்கிக்கொண்டு தானே ஆட்டிப் பார்த்தார். ஒருமுறை, பலமுறை.

"ஏன் இப்படி?"

"எனக்கும் இப்பதான் புரியுது. இந்த மரத்துல நார் நேரா ஓடல, அலை அலையா ஓடுது போல. அலையோட ஒரு சரிவு இந்தப் பக்கம் பாக்குது, அடுத்தது அந்தப் பக்கம். வெளிச்சம் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கம் பாக்குற சரிவு மின்னுது, மத்தது இருட்டாயிடுது. கருப்புன்னு அங்க ஒண்ணுமே இல்ல."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்று டாக்டர் தலையில் தட்டிக்கொண்டார். "பல்லுக்கு உறை போடும்போது கலர் பாக்க ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போவேன். குழல்விளக்குல ஒண்ணு தெரியும், வெயில்ல ஒண்ணு தெரியும். அத்தனை வருஷம் அதைச் செஞ்சுட்டு, ஒரு வயலினைப் பாத்து ஏமாந்துட்டேன்." நாத்தனாரின் பக்கம் திரும்பினார். "மன்னிச்சிருங்க. உங்களைத் திருடி மாதிரி பேசிட்டேன்."

"நீங்க எங்க பேசினீங்க, நான்தான் இவளைப் பேசினேன்," என்றாள் நாத்தனார். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் அவ்வளவுதான் வரும். படக்காரி அதை முழுசாகவே எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் வயலினைப் பெட்டியில் வைத்தார். சுவரில் மாட்டாமல், தரையில் நிற்கும் விளக்கொன்றைக் கீழே வைத்துவிட்டால் சிறகு எப்போதும் தெரியுமா என்று கேட்டார். பிறகு அவரே, "வேண்டாம், ரெண்டும் தெரியட்டும். வாசிக்கக் கத்துக்கிட்டா அதுவே ஆடிக்கிட்டுத்தானே இருக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நாத்தனார் கதவைச் சாத்தினாள். "அந்த விளக்கை எடு," என்றாள்.

"எதுக்கு அண்ணி?"

"மத்ததெல்லாம் ஆடுதான்னு பாக்கணும்ல?"

இரண்டு பேரும் மாட்டியிருந்த வயலின்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒருத்தி பிடிக்க, ஒருத்தி விளக்கை நகர்த்தினாள். சிலவற்றில் வரியே இல்லை, அவை விலை குறைந்தவை, யாரும் வரி இருப்பதாகச் சொல்லவுமில்லை. வரி உள்ள ஒன்று தண்ணீர்போல் அலைந்தது. இன்னொன்றில் பட்டைகள் சாய்வாக ஓடி, விளக்கு போகும் திசைக்கு எதிரே நழுவின. நாத்தனார் சின்னப்பெண்போல, "இதப் பாரேன், இதப் பாரேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் செம்பழுப்பு நிறத்தில் ஒன்று. எல்லாவற்றையும்விட அழுத்தமான வரிகள். இணையப் பக்கத்தில் முதல் வரிசையில் அதன் படம்தான். விளக்கு தலைப்பக்கம் போனது. கீழ்ப்பக்கம் வந்தது. பளபளப்பு நகர்ந்ததே தவிர, வரிகள் வைத்த இடத்தில் வைத்தபடி நின்றன.

"இன்னும் தாழப் பிடி."

படக்காரி தாழப் பிடித்தாள். அசைவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தாள். ஒரு பட்டை விளிம்புவரை போகாமல், மரத்தின் நாரை மதிக்காமல் நடுவிலேயே மழுங்கி முடிந்திருந்தது. தூரிகை தூக்கிய இடம்.

"தீட்டியிருக்காங்க அண்ணி."

நாத்தனார் மொத்த வியாபாரியை அப்போதே போனில் பிடித்தாள். மறுமுனைக் குரல் அலட்டிக்கொள்ளவில்லை. "படத்துல நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றது. அவள் போனை வைத்தாள்.

உட்கார்ந்து அந்த வயலினை மடியில் வைத்துக்கொண்டாள். வில்லை எடுத்துத் தனக்குத் தெரிந்த ஒரே சுரத்தை இழுத்தாள். சத்தம் கனமாக, நன்றாகவே இருந்தது.

"நல்ல சத்தம்," என்றாள் படக்காரி.

"சத்தத்துல பொய் இல்ல. முதுகுலதான்." நாத்தனார் எழுந்து கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தாள். "அந்தப் பக்கத்துல புலிவரி மேப்பிள்னு போட்டிருக்கோம்ல. அதை அழி. வரி தீட்டியதுன்னு போடு."

"யாரும் வாங்க மாட்டாங்களே."

"சத்தம் கேட்டு வாங்குறவங்க வாங்கட்டும். மத்த வயலினுக்கெல்லாம் இனிமே ரெண்டு படம் எடு. விளக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணு."

"இதுக்கும் ரெண்டா?"

"இதுக்கும்தான். ரெண்டும் ஒண்ணுபோலவே இருக்கட்டும், பாக்குறவங்களுக்குப் புரியும்."

படக்காரி மேஜையைத் துடைத்து, விளக்கின் ஒயரை அவிழ்த்தாள். நாத்தனார் வெள்ளை அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். எவ்வளவு தள்ளிப் பிடிக்கணும், இப்படியா, இன்னும் கொஞ்சமா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.