அடைத்த ஓட்டைகள்

சவுந்தரம் செய்தது பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. பழைய துண்டுகளை நனைத்துச் சுருட்டி, வினிகர் தொட்டியின் ஓட்டைகளில் திணித்தாள். அவ்வளவுதான். ஆனால் அதைத் தம்பியிடம் சொல்லவில்லை. வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

பினாங்கில் சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், பழைய கடைவீட்டின் பின்கட்டில் அக்காவும் தம்பியும் அன்னாசி வினிகர் செய்து வந்தார்கள். இடப்பக்கம் ஒரு கார் பட்டறை. பட்டறைக்காரர்களுக்கு எந்த வாடையும் பொருட்டில்லை. வலப்பக்கக் கடைவீட்டை யாரோ வாங்கி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுமுற்றத்தில் குளம் வெட்டி, சின்ன ஹோட்டலாக்கி விட்டார்கள். அன்று முதல் தலைவலிதான். வினிகர் வாடை விருந்தாளிகளின் தலையணை வரைக்கும் வருகிறதாம். ஹோட்டலைப் பார்த்துக்கொண்ட காமினி என்ற பெண் வாரம் தவறாமல் வந்து மூக்கைச் சுருக்கிக்கொண்டு நிற்பாள்.

தம்பி டெரன்ஸ் மசியவில்லை. "நாங்க மொதல்லேர்ந்து இங்க இருக்கோம்லா. ஒரு ஓட்டையையும் மூட மாட்டேன்" என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பிவிட்டான். அவனுக்கு அந்த ஓட்டைகள் என்றால் உயிர். அதற்குக் காரணமும் இருந்தது.

அன்னாசிச் சாற்றில் ஈஸ்ட்டைப் போட்டு மூடி வைத்தால், அது சர்க்கரையைத் தின்று சாராயமாக்கும். அதற்குக் காற்று வேண்டாம், வாயு வெளியேற ஒரு வழி இருந்தால் போதும். ஆனால் சாராயத்தை வினிகராக்கும் பாக்டீரியா வேறு ஜாதி. காற்றில்லாமல் அதற்கு ஒரு வேலையும் ஓடாது. அதனால்தான் இரண்டு ஆள் உயரத்துக்கு அந்தப் பிளாஸ்டிக் தொட்டி. அதன் கீழ்ப் பாதியில் மரச்சீவல், சீவல் முழுக்கப் பாக்டீரியா பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். பம்பு சாராயத்தை மேலேற்றித் தூவும், அது சீவல் வழியே கசிந்து இறங்கும். அடியில் உள்ள நாலு ஓட்டைகளில் புகும் காற்று, பாக்டீரியா வேலை செய்யும் சூட்டில் தானே மேலேறி, மூடியோரக் குழாய் வழியாகச் சந்துப்பக்கம் போய்விடும். "சம்பளம் கேக்காத வேலையாளுங்கக்கா. காத்து மட்டும் குடுத்தா போதும்" என்பான் டெரன்ஸ்.

வெள்ளிக்கிழமை மாலை காமினி மறுபடி வந்தாள். டெரன்ஸ் வெளியே போயிருந்தான். ஹோட்டலில் ஒரு கல்யாணக் கூட்டம் தங்கப் போகிறது, ஞாயிறு வரைக்கும் மட்டும் ஏதாவது செய்யுங்கள் அக்கா என்று கண் கலங்கி நின்றாள். சவுந்தரம் இரக்கக்காரி. அதைவிடச் சண்டைக்குப் பயந்தவள். நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தால் என்ன ஆவது என்ற பயம் வேறு. சந்துப்பக்கக் குழாயின் வாயில் ஒரு துண்டைத் திணித்தாள். வாடை கீழ் ஓட்டைகள் வழியாக வந்தது. அவற்றையும் அடைத்தாள். அவை சுவரோரம், குனிந்து பார்த்தால்தான் தெரியும். ரெண்டு நாள் வேலை மெதுவானால் குடியா முழுகிவிடும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தவள் துண்டுகளை எடுக்க மறந்தே போனாள். திங்கள் காலை சௌராஸ்தா பசாரில் ஊறுகாய்க்கடை ஐனாவிடம் போத்தல்களை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. டெரன்ஸ்தான்.

"அக்கா, தொட்டி ஜில்லுன்னு கெடக்கு. புளிப்பு ஏறவே இல்ல. சீவல்ல கொழகொழன்னு ஆடை கட்டிக் காத்துப்போக்கு அடைச்சிருக்கும்போல. பம்பை நிறுத்தி, தண்ணியெல்லாம் வடிச்சுட்டேன். உள்ள எறங்கி அள்ளிடறேன்."

சவுந்தரத்துக்கு முகம் சுட்டது. துண்டுகள்! இவன் பார்த்துவிட்டால்? காமினிக்காகச் செய்தேன் என்று தெரிந்தால் வீடு ரெண்டாகும்.

"நான் வர்றவரைக்கும் இருடா" என்றாள்.

"எதுக்கு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஐனா வேறு காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"சும்மாதான். வந்து பேசிக்கலாம்."

"நீ வர்றதுக்குள்ள பாதி முடிச்சிருவேன். சீனி பாய் மேல நின்னு கூடையைத் தூக்குறாரு." போனை வைத்துவிட்டான்.

அவள் அடுத்த பெட்டியைத் தூக்கினாள். ஜில்லென்று கிடக்கிறதாம். ஏன் ஜில்லென்று கிடக்கிறது? வேலை நின்றதால் சூடு போய்விட்டது. வேலை ஏன் நின்றது? காற்று தீர்ந்துவிட்டது. தொட்டிக்குள் இருந்த காற்றில் உயிர்க்காற்றை மட்டும் அதுகள் ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டன.

அந்தத் தொட்டிக்குள்ளேதான் தம்பி இறங்குகிறான்.

பெட்டி கையிலிருந்து நழுவிப் போத்தல்கள் உடைந்தன. உணவுப் பட்டறைக்காரர்களுக்கு நடந்த பாதுகாப்பு வகுப்பில் சொன்னது அட்சரம் பிசகாமல் ஞாபகம் வந்தது. உயிர்க்காற்று இல்லாத இடத்தில் மூச்சு முட்டாது. நெஞ்சு அடைக்காது. நெஞ்சு வழக்கம்போல ஏறி இறங்கும், உள்ளே போவது மட்டும் வெறும் காற்று. கால் துவளும், அவ்வளவுதான். வினிகர் வாடை மூக்கில் ஏறும், அதற்குப் பழகியவனுக்கு அதில் என்ன சந்தேகம் வரும்?

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள். ஒரு கையால் போன் போட்டாள். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. பினாங்கு ரோட்டில் சிவப்பு விளக்கு. ஒரு சுற்றுலா பஸ் வழியை மறித்துக்கொண்டு ஆட்களை இறக்கியது. அவள் வாழ்நாளில் யாரையும் திட்டாதவள். அந்த டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினாள். மாதாவே, மாதாவே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

பின்கட்டில் நுழையும்போதே சீனி முகம்மதின் குரல் கேட்டது. "டெரன்ஸு! டேய், டெரன்ஸு!"

மூடி திறந்த தொட்டியின் உச்சியில், ஏணிப்பலகையில் நின்றிருந்தார் அவர். போத்தல் கழுவுகிற ஐம்பது வயது மனிதர், டெரன்ஸை மகன்போல் பார்ப்பவர். ஒரு காலைத் தொட்டி வாய்க்குள் விட்டுவிட்டார்.

"பாய்! எறங்காதீங்க!"

"புள்ள சாஞ்சு கெடக்கான் தங்கச்சி! ரெண்டு கூடை குடுத்தான், அப்புறம் அப்படியே உக்காந்துட்டான். ஒரு சத்தம் இல்ல. நான் தூக்கிட்டு வந்துர்றேன்!"

அவள் ஏணியில் பாய்ந்து ஏறி அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். அவர் திமிறினார். உள்ளே எட்டிப் பார்த்தாள். சீவலின் மேல் டெரன்ஸ் சுருண்டு கிடந்தான், கன்னம் ஈரச் சீவலில் பதிந்து, தூங்குகிறவன்போல. கைக்கு எட்டாத ஆழம். குதித்தால் ஒரே நொடி. குதி குதி என்றது உடம்பு முழுக்க. குதித்தால் மூன்று பேரும் அங்கேயே கிடப்போம் என்று மூளையில் எங்கோ ஒரு மூலை சொன்னது. அந்த மூலையை அவள் அப்போது வெறுத்தாள்.

"உள்ள காத்து இல்ல பாய்! நான்தான் ஓட்டையெல்லாம் அடைச்சேன். நீங்க எறங்கினா நீங்களும் விழுவீங்க. பொம்பாவுக்குப் போன் போடுங்க!"

அவர் அவளைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டியதில்லை. போனை எடுத்தார், தீயணைப்புப் படையைக் கூப்பிட்டார்.

அவள் கீழே குதித்துச் சந்துப்பக்கம் ஓடிக் குழாயில் திணித்த துண்டைப் பிடுங்கினாள். சுவரோரம் குப்புறப் படுத்தாள். துண்டுகள் ஊறி வீங்கி இறுகிப் போயிருந்தன. நகம் பிய்ந்தது. ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. போத்தல்களை உலர்த்தும் புளோவர் மூலையில் நின்றது, நீளமான குழாயோடு. அதைக் கீழ் ஓட்டையில் செருகப் போனவள் நிறுத்தினாள். கீழிருந்து விட்டால் காற்று சீவல் முழுவதையும் கடந்துதான் போக வேண்டும். மூன்று நாள் பட்டினி கிடந்ததுகளில் எத்தனை பிழைத்திருந்தாலும், முதல் வாய் அதுகளுக்குத்தான் போகும். அவனுக்கு என்ன மிஞ்சும்?

குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி ஏறினாள். "சுவிட்சைத் தட்டுங்க பாய்!" குழாய் சீறியது. தொட்டி வாயில் வயிற்றை அழுத்திப் படுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை எட்டிய மட்டும் நீட்டி, குழாயின் நுனியைத் தம்பியின் முகத்துக்கு இறக்கினாள். அது ஆடியது. விலகியது. தலையை வெளியே எடுத்து ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டு மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை நுனி அவன் மூக்கருகே நின்றது. அவன் நெற்றி முடி பறந்தது. அது மட்டும்தான் அசைந்தது.

"டெரன்ஸு, மூச்சு விடுடா. எஞ்சாமி, மூச்சு விடுடா."

முடி பறந்துகொண்டே இருந்தது. அவள் கை மரத்துப் போனது. சீனி பாய் அவள் கால்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு அவன் தோள் ஒரு குலுங்கு குலுங்கியது. அடைத்த சாக்கடை திறந்தமாதிரி ஒரு கரகரப்பு. இருமினான். கண் திறக்கவில்லை, ஆனால் இருமினான். சவுந்தரம் வாய்விட்டுக் கதறினாள், குழாயை மட்டும் நகர்த்தவில்லை.

முதுகில் காற்றுச் சிலிண்டர் மாட்டிய பொம்பா ஆட்கள் வந்து, அவன் அக்குளில் பட்டையைச் சுற்றி மேலே தூக்கும்வரை அவள் அந்தக் கையை மடக்கவில்லை. பின்னால் அதை மடக்க ஒரு தாதிதான் உதவ வேண்டியிருந்தது.

மாலையில் ஆஸ்பத்திரி வார்டில் அவனைப் பார்க்க விட்டார்கள். உயிர்க்காற்று முகமூடி போட்டிருந்தான். தலையில் பாதிப்பு இருக்கிறதா என்று இன்னும் பார்க்க வேண்டும், ஆனால் பேர் கேட்டால் சொல்கிறான், விரலை எண்ணுகிறான் என்றார் டாக்டர். அவள் கட்டிலோரம் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை முதல் நடந்ததையெல்லாம் சொன்னாள். காமினி, துண்டு, குழாய், சுவரோர ஓட்டைகள். ஒன்றையும் மறைக்கவில்லை. அழவும் இல்லை. அழுதால் அவன் இரங்கிவிடுவான், அது நியாயமில்லை என்று பட்டது.

அவன் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டான். திட்டுவான் என்று காத்திருந்தாள். ஓட்டையை ஏன் அடைத்தாய் என்று கேட்பான், ஹோட்டல்காரியை நாலு வார்த்தை சொல்வான் என்று நினைத்தாள். முகமூடியை ஒரு கையால் விலக்கினான்.

"எதுக்குன்னு கேட்டேனேக்கா போன்ல" என்றான்.

அவன் முகமூடியை மறுபடி போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். மூச்சுப் பட்டு முகமூடி பனித்தது, தெளிந்தது, மறுபடி பனித்தது. ஒவ்வொரு முறை தெளியும்போதும் அடுத்த மூச்சு வருமா என்று பயந்தபடி அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.