எழுத்து போட்டதும் போடாததும்

மெத்தை விளம்பரச் சோதனையின் முடிவு வர இன்னும் ஐந்து நாள் இருந்தபோதே அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். சோதனை முடிகிறவரை யாரும் எண்களைப் பார்க்கக் கூடாது, முதல் இரண்டு நாள் எண்கள் குரங்கு மாதிரித் தாவும் என்று ஆபீஸில் சட்டம் போட்டவளே அவள்தான். அவளுக்கு அங்கே ‘சதவீதம்’ என்றுதான் பெயர். அப்படிப்பட்ட சதவீதமே திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லியும் விட்டாள்.

“திரையில எழுத்து போடாததுதாங்க முன்னாடி போகுது.”

“நிஜமாவா?” என்றார் அவர். குரல் கொடுப்பது அவர் தொழில். படுக்கையறை அலமாரியின் துணிகளை ஒதுக்கி, நாலு பக்கமும் கம்பளி தொங்கவிட்டு, உள்ளே மைக்கை வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பேசுவார். அவளுடைய விளம்பரக் கம்பெனிதான் அவருக்கு மாதம் எட்டு வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. வேறு இடங்களிலிருந்து அழைப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது. எழுத்தில்லாமல் குரலே ஜெயிக்கிறது என்று அன்று அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே, சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கு உறைத்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிந்ததா?

சோதனை என்னவோ சாதாரணமானதுதான். இருபது வினாடி விளம்பரம். படமும் ஒன்றுதான், பின்னால் ஓடும் குரலும் ஒன்றுதான். இரண்டு பதிப்பு: ஒன்றில் பேச்சு முழுவதும் திரையில் எழுத்தாக வரும், இன்னொன்றில் வராது. வேறு ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது. ஒரே வாரம், இதற்கு நாற்பதாயிரம் பேர், அதற்கு நாற்பதாயிரம் பேர், யாருக்கு எது என்பது குருட்டுச் சீட்டு. எத்தனை பேர் கடைசிவரை பார்க்கிறார்கள் என்பதைத்தான் கணக்கில் எடுப்பது என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள். எழுத்து மேல் ஆப்பின் பட்டன்கள் வந்து உட்கார்ந்துவிடக் கூடாதே என்று நாலு விதமான போன்களில் போட்டுப் பார்த்து, வரிகளை இரண்டு விரல் உயரம் மேலே ஏற்றச் சொன்னதும் அவள்தான். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

ஏழாம் நாள் குரங்கு மரத்தில் உட்கார்ந்தது. எழுத்து போடாததை நூற்றுக்குப் பன்னிரண்டரை பேர் கடைசிவரை பார்த்திருந்தார்கள். எழுத்து போட்டதைப் பத்தொன்பது பேருக்கும் சற்று மேல். பிரித்துப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டிலும் நூற்றுக்கு எண்பத்து நாலு பேர் சத்தமில்லாமல்தான் பார்த்தார்கள். பஸ்ஸில், வரிசையில், தூங்கும் குழந்தை பக்கத்தில் என்று எங்கெங்கோ. வித்தியாசம் முழுவதும் அவர்களிடம்தான் இருந்தது: எழுத்தில்லாமல் ஒன்பது, எழுத்தோடு பதினேழு. சத்தம் வைத்துப் பார்த்தவர்களிடம் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அதாவது ஒன்றுமே இல்லை.

கூட்டத்தில் மூன்று பேர். அவள், முதலாளி, மெத்தைக் கம்பெனியிலிருந்து வந்த மேடம். மேடம் அறிக்கையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“எண்பத்து நாலு பேர் கேக்கவே இல்லையே. அப்புறம் எதுக்குக் குரல்? எழுத்தும் மியூசிக்கும் போதும்.”

அவள் குறுக்கிட்டாள். “மேடம், இந்தச் சோதனை அதைக் கேக்கவே இல்ல. ரெண்டுலயும் குரல் இருந்துச்சு. எழுத்து உதவுதான்னு மட்டும்தான் இது சொல்லும். குரல் வேணுமா வேண்டாமான்னு தெரியணும்னா, குரலை எடுத்துட்டுத் தனியா ஒரு சோதனை வைக்கணும்.”

அத்தனையும் சத்தியம். அதோடு நிறுத்தியிருந்தால் தலை நிமிர்ந்து வெளியே வந்திருக்கலாம். மேடம் யோசிப்பது போல விரலால் மேஜையைத் தட்டினார். அந்தத் தட்டல் அவளைப் பயமுறுத்திவிட்டது.

“இன்னொன்னும் இருக்கு மேடம். சத்தம் வெச்சுப் பார்த்தவங்கதான் ஆர்டர் பட்டனை மூணு மடங்கு அதிகமா அமுக்கியிருக்காங்க. குரல்தான் வாங்க வைக்குது.”

எண் சரி. சொன்னது பொய். அவளுக்கே தெரியும்.

முதலாளி மெதுவாக நிமிர்ந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சிரித்தார்.

“போன மாசம் செருப்புக் கடை விளம்பரத்துக்கு நீதானேம்மா சொன்னே? ‘சத்தம் தொறக்கிறவன் ஏற்கனவே வாங்கணும்னு நெனைக்கிறவன் சார், அவன் வாங்குறதுக்குக் குரல் காரணம்னு சொன்னா நம்மளை நாமளே ஏமாத்திக்கிறோம்’னு? அன்னைக்கு நான் வாயடைச்சுப் போய் உக்காந்திருந்தேன்.”

மேடத்துக்குப் புரியவில்லை. முதலாளியே புரிய வைத்தார், குரல் கொடுப்பது யார் என்பதையும் சேர்த்து. “ஓ” என்றார் மேடம். அந்த ஒரு எழுத்தில் அவளுடைய ஆறு வருஷ நல்ல பெயர் போயிற்று. அவள் கேட்ட நியாயமான சோதனையும் அதோடு சேர்ந்து போயிற்று. பொய் சொன்னவள் கேட்ட சோதனையை யார் வைப்பார்கள்? அடுத்த மாதத்திலிருந்து ஆபீஸ் எடுக்கிற எல்லா விளம்பரத்துக்கும் எழுத்தும் மியூசிக்கும் மட்டும் என்று முடிவாயிற்று.

வீட்டில் கணவர் காத்துக்கொண்டிருந்தார். அவள் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தான் பொய் சொன்னதை மறைக்கவில்லை. அதைச் சொன்னபோது அவர் முகம் கொஞ்சம் மென்மையானதாகத் தோன்றியது.

“எனக்காகவா சொன்னே?”

“வேற யாருக்காக?”

அவர் தலையாட்டினார். பிறகு, ரொம்ப நாளாக நாக்கு நுனியில் வைத்திருந்ததைக் கேட்பவர் போலக் கேட்டார்.

“அந்த விளம்பரத்தை எத்தனை தடவை பார்த்திருப்பே?”

“முந்நூறு தடவையாவது இருக்கும். எழுத்து எங்க உக்காருதுன்னு வரி வரியா பார்த்தேனே.”

“கடைசி வரி பிடிச்சுதா?”

“ம், நல்லா இருந்துச்சுங்க. உருக்கமா சொல்லியிருந்தீங்க.”

“என்ன சொல்லியிருந்தேன்?”

“‘இனி நிம்மதியாகத் தூங்குங்கள்.’”

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய் அலமாரிக் கம்பளிகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தார். விளம்பரம் முழுக்கப் பேச்சுத் தமிழில் சொன்னவர் கடைசியில் மட்டும் ‘தூங்குங்கள்’ என்றிருப்பாரா? அவள் சொன்னது எழுத்தில் இருந்த வரி.

போனை எடுத்தாள். ஆபீஸில் அவள் இருக்கைக்குப் பின்னால்தான் நாள் முழுக்க வாடிக்கையாளர்களோடு போன் பேசுகிறவர்களின் வரிசை; அங்கே யாரும் சத்தம் வைப்பதில்லை. நாலு போன்களிலும் சத்தத்தை அடக்கியே பார்த்திருந்தாள். இப்போது ஒலியை முழுதாக ஏற்றினாள். பதினெட்டாவது வினாடியில் அவர் குரல் தணிந்தது.

“இனி நிம்மதியா தூங்கு, மூக்கி.”

கல்யாணமான புதிதில் அவர் வைத்த பெயர் அது. அவர்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. இந்த ஒரு வருஷத்தில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட அவருக்கும் வாய் வரவில்லை, அவளும் கேட்கவில்லை. எடிட்டரிடம் கெஞ்சி விட்டுவைக்கச் சொல்லியிருப்பார். முதலாளியும் மேடமும் சத்தமில்லாமல்தான் பார்த்து ஒப்புதல் கொடுத்திருப்பார்கள்.

சத்தத்தோடு கடைசிவரை பார்த்தவர்கள் நாலாயிரத்துச் சொச்சம் பேர். அந்த எண்ணை அவளே கூட்டிப் போட்டிருந்தாள். முகம் தெரியாத அத்தனை பேர் காதிலும் அந்தப் பெயர் விழுந்திருக்கிறது.

படுக்கையறை வாசலில் போய் நின்றாள். அவர் மைக்கின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“கேட்டேங்க,” என்றாள்.

அவர் திரும்பவில்லை.

“இப்பவா?” என்றார்.