நாலு பேர் இல்லாத வீடு

"சோம்பேறிக் கழுதை, வீடு நிறைய ஆளுங்க வந்திருக்காங்க, நீ பாட்டுக்கு நீட்டிப் படுத்திருக்க" என்று மாலக்கி தன் மனைவியைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நோரீன் பதில் சொல்லவில்லை. முன்னறையில் திறந்த சவப்பெட்டிக்குள், நீல உடுப்பில், விரல்களில் ஜெபமாலை சுற்றிக் கிடந்தாள். நாற்காலிகளில் தேநீரோடு உட்கார்ந்திருந்த அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். மேயோ மாவட்டத்தின் அந்தக் கோடிக் கிராமத்தில் மாலக்கியும் நோரீனும் திட்டிக்கொள்வதைக் கேட்டு வளராதவர்கள் யாரும் இல்லை. கதவோரத்தில் நின்ற ஒரு பெண் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சமையலறையில் முட்டை சாண்ட்விச் வெட்டிக்கொண்டிருந்த மகள் டெர்வ்லாவுக்கும் சிரிப்பு வந்தது. காது மட்டும் வாசல் பக்கமே இருந்தது. பர்மிங்ஹாமிலிருந்து கோல்மன் மாமா இரண்டு பெண்களோடு வந்து சேர்ந்துவிட்டார் என்று தெரியும். முந்தின ராத்திரி டவுன் ஓட்டலில் தங்கியிருந்தார். வீட்டுக்குள் வருவாரா என்பதுதான் தெரியவில்லை. அம்மாவின் ஒரே தம்பி. டெர்வ்லா பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து இந்த வாசற்படியை மிதித்ததில்லை. கோடையில் ஊருக்கு வந்தால் அக்காளை ஓட்டலுக்கு வரவழைத்துப் பார்த்துவிட்டுக் கப்பல் ஏறிவிடுவார்.

எல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தால்.

அன்றைக்கு வைக்கோல் மழையில் நனைந்து போயிருந்தது. யார் மேல் தப்பு என்று சாப்பாட்டு மேசையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை. விருந்துக்கு வந்த கோல்மன் உருளைக்கிழங்கை உரித்தபடி ரசித்துக்கொண்டிருந்தார். முதலில் வழக்கமான கெட்ட வார்த்தைகள் பறந்தன. முட்டாள், பன்றி, குடிகார நாய். அதற்கு மேலேயும் சில, பாதிரியார் காதில் விழக்கூடாதவை. அவையெல்லாம் அந்த வீட்டில் உப்பு மாதிரி. யாருக்கும் உறைக்காது. பிறகு நோரீன்தான் வேலியைத் தாண்டினாள். உங்கம்மா உன்னை ஆம்பளையா வளர்க்கல, மடியில வெச்சே வளர்த்துட்டா என்றாள். மாலக்கியின் முகம் வெளுத்தது. தாய் இறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"சவப்பெட்டி தூக்க நாலு பேர் கிடைக்காத வீட்டுல பொறந்தவ, நீ என் அம்மாவைப் பத்திப் பேசுற?"

தேநீர்க் கெண்டி அடுப்பில் கூவிக்கொண்டே இருந்தது. கோல்மன் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாலு பேர் கதை உண்மை. கடனில் மூழ்கிய பக்கத்து வீட்டுக்காரனின் வயலை ஏலத்தில் வாங்கினார் என்று நோரீனின் அப்பாவை அவருடைய ஊரே ஒதுக்கி வைத்திருந்தது. அவர் செத்தபோது ஒருவரும் வரவில்லை. பாதிரியாரின் டிரைவரும் கல்லறைக் குழி வெட்ட வந்த கூலிக்காரனும் முன்னால் பிடிக்க, பின்னால் நோரீனும் கோல்மனும். இருவரும் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள். இதை நோரீன் உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் சொல்லியிருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால், கடற்கரையில், அழுதுகொண்டே. கேட்டவர் மாலக்கி.

அதற்குப் பிறகு நோரீன் கத்தவில்லை. மரியாதையாக நடந்துகொண்டாள். "தேநீர் வேணுங்களா?" என்றாள். "நன்றி" என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்த அறுவடைக் காலம் முழுக்க வீட்டில் ஒரு கெட்ட வார்த்தை இல்லை. மாலக்கி மெலிந்து போனார். பிறகு ஒரு நாள் சேற்றுக் காலோடு உள்ளே வந்தவரைப் பார்த்து, "கழுதை, தரைய இப்பத்தான் தொடச்சேன்" என்று அவள் எரிந்து விழுந்தாள். மாலக்கி கொட்டிலுக்குப் போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததை டெர்வ்லா பார்த்தாள்.

பெரியவளான பிறகு அம்மாவிடம் கேட்டாள், அத்தனை வசவுல அது ஒண்ணு மட்டும் ஏன் என்று.

அம்மா மாவு பிசைவதை நிறுத்தவில்லை. "என்னைக் கழுதைன்னா நான் அவரைப் பன்னிங்கலாம். கணக்குத் தீர்ந்துச்சு. நான் கழுதை இல்லைன்னு அவருக்கும் தெரியும். எங்கப்பா எழுந்து வந்து பதில் சொல்வாரா? அவரைத் திட்டினா, நான் பொறந்த இடத்தையே திட்டின மாதிரி. அதை நான் மாத்த முடியாதே. அதுவும், எங்க குத்தினா வலிக்கும்னு அவருக்குக் காட்டிக்குடுத்ததே நான்தான்டி." மாவைப் புரட்டிப் போட்டு, "நானும்தான் முதல்ல அவங்கம்மாவை இழுத்தேன். ரெண்டு பேரும் செத்தவங்களை வெச்சு அடிச்சுக்கிட்டோம்" என்றாள்.

வாசலில் பேச்சு சட்டென்று அடங்கியது. டெர்வ்லா கத்தியைக் கீழே வைத்தாள்.

கோல்மன் மாமா உள்ளே வந்தார். முழங்கால் வலியால் சாய்ந்து சாய்ந்து நடந்தார். பின்னால் உயரமான ஒரு மகள், குட்டையான ஒரு மகள். அக்காளின் நெற்றியைத் தொட்டார். பிறகு மாலக்கியிடம் கையை நீட்டி, "உங்க துக்கத்துக்கு வருந்துறேங்க" என்றார்.

அந்த 'ங்க' அறை முழுக்கக் கேட்டது. மாலக்கி கையைப் பிடித்தபடி தலையை மட்டும் ஆட்டினார்.

பிரார்த்தனை முடிந்து பெட்டியை மூடினார்கள். கேட்டுக்கு வெளியே சவ வண்டி நின்றது. வாசலிலிருந்து கேட் வரை தோளில் கொண்டுபோவது வழக்கம். மாலக்கியின் அண்ணன் மகன்கள் ஆறு பேர், கல் தூண் மாதிரி, கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள். கோல்மன் யாரும் சொல்லாமலே சுவரோரம் ஒதுங்கி நின்றார். அந்த இடம் அவருக்குப் பழக்கமானது போலிருந்தது.

"நீங்க தள்ளுங்கடா" என்றார் மாலக்கி.

அண்ணன் மகன்களுக்குப் புரியவில்லை. "சித்தப்பா, நாங்கதானே..."

"கேட்டுலேர்ந்து நீங்க தூக்குங்க. வீட்டை விட்டு அவளை அவ ஆளுங்க தூக்கட்டும்." சொல்லிவிட்டுக் கோல்மனிடம் போனார். "அன்னிக்கே அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன் கோல்மன். என்கிட்ட எதுக்கு, எங்கப்பாகிட்ட கேளுன்னுட்டா. அவரை எங்க போய்ப் பார்ப்பேன்? உன்னைத்தான் தெரியும்."

கோல்மன் பெட்டியைப் பார்த்தார். "என் பக்கத்துல ஆம்பளை நான் ஒருத்தன்தான்" என்றார். "அதுவும் அரை ஆளு."

"ஆம்பளைன்னு யார் சொன்னா?" என்றார் மாலக்கி.

உயரமான மகள் கைப்பையைக் கழற்றி வைத்தாள். குட்டையானவள் ஹீல்ஸைக் கழற்றினாள். டெர்வ்லா ஏப்ரனை அவிழ்த்து நாற்காலியில் போட்டாள்.

குனிந்தார்கள். மாலக்கி ஓடி வந்து கோல்மனின் முழங்கையைத் தாங்கப் போனார்.

"தள்ளி நில்லுடா கிழட்டுக் கழுதை" என்று கோல்மன் சீறினார். "தடுக்கி விழவெக்காத. இந்தா, இதைப் பிடி." தலையிலிருந்த தொப்பியை எடுத்து மாலக்கியின் மார்பில் திணித்தார்.

டெர்வ்லாவின் தோளில் அம்மா ஏறினாள். எதிர்பார்த்ததைவிடக் கனம். நாலு தோளும் நாலு உயரம் என்பதால் பெட்டி கோல்மன் பக்கமாகச் சரிந்தே போனது. சரளைக் கல் காலில் குத்த, குட்டையான மாமா மகள் காலுறையோடு மூச்சு வாங்கிக்கொண்டே நடந்தாள்.

தூறல் ஆரம்பித்தது. கேட்டருகே திரும்பும்போது டெர்வ்லா ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்பா வெறுந்தலையோடு நனைந்துகொண்டு பின்னால் வந்தார். கோல்மனின் தொப்பி நனையாமல் இருக்க, அதைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.