கைரேகை உள்ள மெழுகுவர்த்தி

பரிசுக்கடைக்காரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்: வெளிர் சாம்பல் ஸ்டூடியோ பின்னணியில் படம் வந்தால்தான் அலமாரியில் இடம். மெழுகுவர்த்தி செய்து விற்பதை நம்பி வேலையை விட்டவள் அக்கா. இந்த அலமாரியும் இல்லையென்றால் பழைய மேலாளரிடமே போய்ப் பல்லைக் காட்ட வேண்டும்.

அவள் எடுத்த போட்டோவில் மெழுகுவர்த்தி சோப்புக்கட்டி போல இருந்தது. தம்பி சிரித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தான். படம் வரையும் ஏஐக்கு பிராம்ப்ட் எழுதுவதில் அவன் பெரிய கில்லாடி; அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். கையால் செய்த மெழுகுவர்த்தி, தந்தத்தின் நிறம், வெளிர் சாம்பல் பின்னணி, இடப்பக்கமிருந்து மென்மையான வெளிச்சம், அடியில் லேசான நிழல், எழுத்து வேண்டாம் என்று தட்டினான். பக்கத்து மேசையில் அசல் மெழுகுவர்த்தி நின்றது. அதை அவன் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

படம் பளிங்கு போல வந்தது. அக்காவுக்கு முகம் சுருங்கியது.

"இது மெஷின்ல செஞ்ச மாதிரி இருக்குடா. இதுல கை எங்க இருக்கு?"

அதற்கென்ன என்று அவன் ஒரு வரி சேர்த்தான்: பக்கவாட்டில் செய்தவரின் கட்டைவிரல் ரேகை, தெளிவாக. அடுத்த படத்தில் மெழுகின் மேல் அழகான ரேகை சுழித்துக்கொண்டு நின்றது. அக்கா ஒவ்வொரு மெழுகுவர்த்தியையும் விரல்படாமல் துணியால் துடைத்து வைப்பவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் படத்தை அனுப்பிவிட்டான்.

கடைக்காரி உருகிப்போனாள். அறுபது வேண்டும் என்றாள். போன அறுபதும் மூன்றாம் நாளே திரும்பி வந்தன. படத்தில் ரேகை இருக்கிறது, பொருளில் இல்லை, ஏமாற்று வேலை என்று வாங்கியவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். சனிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் அலமாரி வேறு ஆளுக்குப் போய்விடும்.

அக்கா உருக்கி மறுபடி வார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு கட்டைவிரலை அழுத்தினாள். மொழுமொழுவென்று ஒரு குழி விழுந்தது. இன்னொன்றில் அழுத்தினாள், அதுவும் வெறும் குழிதான். வேலையில் இருந்த காலந்தொட்டு எட்டு வருடம் மெழுகின் சூட்டோடு மல்லுக்கட்டிய விரலில் ரேகை எப்போதோ தேய்ந்து போயிருந்தது.

பிறகு தம்பியைக் கூப்பிட்டாள். விசைப்பலகையைத் தவிர எதையும் தொட்டறியாத அவன் விரல் மெழுகில் அச்சு அசலாகப் பதிந்தது. சுடுகிறது, சுடுகிறது என்று புலம்பிக்கொண்டே அறுபதையும் அழுத்தி முடித்தான்.

சனிக்கிழமை கடைக்காரி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

"இப்பதாங்க உங்க உழைப்பு கண்ணுக்குத் தெரியுது."

அக்கா தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, அடுத்த அறுபது எப்போது வேண்டும் என்று கேட்டாள்.