முப்பது சலவை

அண்ணன் டி-ஷர்ட்டுகளில் படம் அச்சடிப்பவன். அவற்றை இணையத்தில் விற்பதற்கு விவரம் எழுதுபவள் தங்கை. கணவன் இறந்த இரண்டாம் மாதம் அவள் பட்டறைக்குத் திரும்பினாள். அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது.

"புது ரகத்துக்கு எழுதிட்டியாம்மா?" படத்தைச் சூட்டில் ஒட்டும் ஹீட் பிரஸ்ஸைத் திறந்தபடி அண்ணன் கேட்டான்.

"டிடிஎஃப் பிரிண்ட், ஃபிலிம்ல அடிச்சு சூட்டுல ஒட்டினதுன்னு போட்டாச்சு. நூறு சதவீதம் காட்டன், துணியோட கனம் நூத்தியெண்பது ஜிஎஸ்எம். அதுவும் ஆச்சு. எத்தனை சலவை தாங்கும்னுதான் போடல."

"அம்பதுன்னு போடு. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க."

"சோதனை முடியலையே."

அண்ணன் பிரஸ்ஸை மூடினான். சோதனைச் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தது அவள் கணவர்தான். அவர் உடுத்துவார், அவள் துவைத்துவிட்டு உள்பக்க லேபிளில் ஒரு கோடு போடுவாள். பதினெட்டுக் கோடு ஆகியிருந்தது. பத்தொன்பதாவது தடவை அதைப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டபடி திரும்பி வந்தது.

"வேற ஒண்ணு அடிச்சுத் தரேன். முதல்லேர்ந்து பாரு."

"வேணாண்ணா. பதினெட்டு வரைக்கும் வந்தாச்சு."

வீட்டில் முடிச்சை அவிழ்த்தாள். வியர்வையும் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் கலந்த வாடை. முகத்தோடு வைத்துக்கொண்டு, இப்போதாவது ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. சட்டையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, பச்சைத் தண்ணீரில் மெஷினை ஓடவிட்டாள். வெளியே எடுத்தபோது சோப்பு வாசனைதான் அடித்தது. சரி, போயிற்று என்று நினைத்துக்கொண்டாள். நிழலில் உலர்த்தினாள்.

உடுத்தாமல் துவைத்தால் அது சோதனை ஆகாது. அதனால் அவளே போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தாள். தொளதொளவென்று தொடைவரை தொங்கியது. அண்ணன் ஒருமுறை பார்த்தான். அப்புறம் அவள் பக்கம் திரும்பவேயில்லை.

முப்பதாவது கோடு வரை படம் அசையவில்லை. முப்பத்தொன்றில் நெஞ்சுப் பக்கத்து எழுத்துகளில் மயிரிழை விரிசல் தெரிந்தது. சட்டையை மேசையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள்வரை அளந்து இரட்டித்தாள். மார்புச் சுற்றளவு நாற்பத்திரண்டு அங்குலம், மாறவில்லை. உயரம் இருபத்தொன்பதிலிருந்து இருபத்தெட்டாகியிருந்தது.

உட்கார்ந்து எழுதினாள்: "பிரிண்ட் சுமார் முப்பது சலவை தாங்கும்; பிறகு மெல்ல விரிசல் விடும். உள்பக்கம் திருப்பி, குளிர்ந்த நீரில் துவைக்கவும். படத்தின்மேல் இஸ்திரி போட வேண்டாம். எல் அளவு: மார்பு 42, உயரம் 29. துவைத்தபின் உயரம் ஓர் அங்குலம்வரை குறையலாம்."

"முப்பதுன்னா எவன் வாங்குவான்?" என்றான் அண்ணன்.

"வாங்கறவன் வாங்கட்டும்ணா."

அவன் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே இணையத்தில் ஏற்றினான்.

சாயங்காலம் வாங்க வந்த ஒருவரிடமிருந்து முதல் கேள்வி வந்தது. 'எனக்கு எம் அளவு சரியா இருக்குமா, இல்ல எல் அளவா?'

"உங்களுக்குச் சரியாக இருக்கும் சட்டை ஒன்றை விரித்து அளந்து சொல்லுங்கள்" என்று தட்டி அனுப்பிவிட்டு, பதிலுக்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.