கல்மெத்தைக்காரர் பெண்டாட்டியின் இடுப்பு

எங்கள் கடையில் எனக்கு வேலை, படுப்பது. சிரிக்காதீர்கள். என் வீட்டுக்காரர் மெத்தை விற்கிறவர். வாங்க வருகிறவர்கள் மெத்தையைக் கையால் நாலு அழுத்து அழுத்திவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். உடனே அவர் என்னைப் பார்ப்பார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, வலப்பக்கமாக ஒருக்களித்து, இடக்காலை மேலே குறுக்கே போட்டு, கண்ணை மூடிப் புன்னகைக்க வேண்டும். "பாத்தீங்களா, படுத்ததும் தூக்கம் சொக்குது" என்பார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே விழுந்துவிடுவார்கள்.

அவருக்கு ஒரே ஒரு கொள்கைதான். மெத்தை என்றால் கல் மாதிரி இருக்க வேண்டும். ஊரில் அவருக்குக் கல்மெத்தைக்காரர் என்றே பெயர். பஞ்சு மெத்தை கேட்டு வருகிறவர்களை ஏதோ தப்புத் தண்டா செய்துவிட்ட மாதிரி பார்ப்பார்.

இந்த லட்சணத்தில் எனக்கு இடுப்பு வலி வந்தது. முன்பக்கம் இல்லை, முதுகும் இல்லை. வலப்பக்கம், தொடை ஆரம்பிக்கிற இடத்தில் துருத்திக்கொண்டிருக்குமே ஒரு எலும்பு, அதன் மேலேயே. பகலில் பரவாயில்லை. ராத்திரி வலப்பக்கம் படுத்தால் யாரோ ஆணி வைத்து அழுத்துகிற மாதிரி வலித்து எழுப்பிவிடும். சரி, இடப்பக்கம் திரும்பலாம் என்றால் வலது முட்டி முன்னால் சரிந்து விழும், அந்த எலும்பைச் சுற்றி இழுக்கும். அதுவும் வலி. மல்லாந்து படுத்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆக, விடிய விடியப் புரளல்தான்.

இவரிடம் சொன்னேன். "உனக்கு மெத்தை பத்தலம்மா" என்று இன்னும் கெட்டியாக ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். வலி கூடியது. அதைவிடக் கெட்டியாக ஒன்று வந்தது. நான் தரையிலேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றார் மனுஷர்!

என் நாத்தனார் தன் பங்குக்கு வந்தாள். "தசை இறுகிப் போச்சு அண்ணி, இழுத்து விடணும்" என்று மல்லாத்திப் போட்டு, என் வலது முட்டியைப் பிடித்து இடது தோள் பக்கமாக இழுத்தாள். அப்போது சுகமாகத்தான் இருந்தது. நானும் தினம் காலையும் மாலையும் விடாமல் இழுத்தேன். ராத்திரி அந்த இடம் வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டது.

"உன் உடம்பே நோஞ்சான் உடம்பு" என்று இவர் முடிவு கட்டிவிட்டார். நாத்தனாரும் தலையை ஆட்டினாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, பின் தெருவிலிருக்கும் பிசியோதெரபி பெண்ணிடம் போனேன்.

அவள் என் காலை மடக்கி, உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பார்த்தாள். வலிக்கவில்லை. குனிந்து செருப்பு வாரைப் போடச் சொன்னாள். போட்டேன். பிறகு வலது காலில் மட்டும் நிற்கச் சொன்னாள். கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, அந்த எலும்பு மேல் சுருக்கென்றது. அவள் விரலை வைத்து அழுத்தியதும் "அம்மாடி!" என்று கத்திவிட்டேன்.

"மூட்டு நல்லாதான்மா இருக்கு. பிட்டத்துத் தசை அந்த எலும்புல வந்து ஒட்டுற இடத்துல கயிறு மாதிரி ஒரு நாண் இருக்கு. அது எரிச்சலாகிப் போயிருக்கு. எலும்போட சேத்து நசுக்கினா அதுக்கு ஆகாது. நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"மெத்தைக் கடையில படுத்துக் காட்டுறேன்."

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எப்படிப் படுப்பேன் என்று காட்டினேன். காலைக் குறுக்கே போட்டதையும் காட்டினேன். நாத்தனார் வைத்தியத்தையும் சொன்னேன்.

"போச்சு. கடையில கெட்டி மெத்தை கீழேருந்து நசுக்குது. வீட்டுல முட்டியக் குறுக்க இழுத்து நீங்களே நசுக்குறீங்க. ரெண்டையும் நிறுத்துங்க. கால் மேல கால் போடாதீங்க. ஒரு பக்கமா இடுப்பச் சாய்ச்சு நிக்காதீங்க. இடப்பக்கம் படுங்க, முட்டிக்கு நடுவுல நல்ல தடி தலைகாணி, பாதம் வரைக்கும். மெத்தை மேல மெத்துன்னு ஒரு விரிப்பு போடுங்க. சும்மாவும் இருக்கக் கூடாது, தசைக்கு மெதுமெதுவா பலம் ஏத்தணும்." முட்டியைச் சுற்றி பெல்ட் கட்டிக் கால்களை வெளிப்பக்கம் லேசாக அழுத்தக் கற்றுக்கொடுத்தாள். படுத்தபடி இடுப்பைத் தூக்கவும் சொன்னாள். "மாசக்கணக்காகும். அவசரப்படாதீங்க."

வீட்டுக்கு வந்து விரிப்புத் தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. சரி, இருக்கிறதை வைத்து ஏதாவது செய்வோம் என்று மெத்தை உறையை உருவினேன். என் பக்கம் கல். அவர் பக்கம் உறைக்குக் கீழே, ஓரம் தெரியாமல் மடித்துச் செருகி, ஒரு நுரை விரிப்பு! கையை வைத்தால் அமுங்குகிறது. ஊருக்கெல்லாம் கல்லைப் போதிக்கிற மகராசன் தினம் படுத்தது இதில்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கொலை வெறியும் வந்தது. விரிப்பை இழுத்து என் பக்கம் போட்டு, உறையைப் பழையபடி மாட்டினேன். வாயைத் திறக்கவில்லை.

அவரும் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்? காலையில் தோளைத் தேய்த்துக்கொண்டே காபி குடித்தார். நான் முட்டிக்கு நடுவில் தலைகாணியோடு, ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தூங்கி எழுந்திருந்தேன்.

அந்த வாரமே முதியோர் இல்லத்துத் தலைமை நர்ஸ் கடைக்கு வந்தார். இல்லம் முழுக்க மெத்தை மாற்ற வேண்டுமாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. இருப்பதிலேயே கெட்டியானதை முன்னால் இழுத்துப் போட்டார்.

நர்ஸம்மா ஒரு அழுத்து அழுத்தினார். "கையால பாத்து என்னத்தத் தெரியும்? நீங்க படுத்துக் காட்டுவீங்களாமே. படுங்கம்மா, உங்க மூஞ்சியப் பாத்தே சொல்லிடுவேன்."

இவர் வழக்கம்போல் என் பக்கம் திரும்பினார். நான் செருப்பைக் கழற்றவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இப்போது மட்டும் இந்த மனுஷர் "படு" என்று சொன்னால், படுத்துவிடுவேன். சிரிக்கவும் சிரிப்பேன். ஆனால் அதற்கப்புறம் இவரிடம் என் வலியைப் பற்றி ஆயுசுக்கும் ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசி என்ன பிரயோசனம்? மனசுக்குள் அப்படித்தான் தீர்மானித்திருந்தேன்.

அவர் மெத்தையைப் பார்த்தார், நர்ஸம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேணாம்மா. அவளுக்கு இடுப்புல வலி" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நெஜ வலி" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"ராத்திரியெல்லாம் நீ புரள்றது கேக்காதா? முழிச்சிட்டுதான் படுத்திருப்பேன். கெட்டி மெத்தை ஆகலைன்னு சொன்னா கடை என்னாவறதுன்னு..."

அட பாவி மனுஷா! அழுகை வந்தது எனக்கு. நோஞ்சான் என்று சொன்னபோதுகூட வராத அழுகை. நர்ஸம்மா முன்னால் அழுது தொலைக்கக் கூடாது என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அப்ப நீங்க படுங்க."

"நானா?"

"அவங்களுக்கு மூஞ்சி பாக்கணுமாம். உங்களுக்கும் மூஞ்சி இருக்குல்ல?"

படுத்தார். வலப்பக்கமாக ஒருக்களித்து, இடக்காலைக் குறுக்கே போட வைத்தேன். கண்ணை மூடச் சொன்னேன். புன்னகைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் புன்னகைத்தார். பிறகு புன்னகை ஒரு பக்கமாகக் கோணியது. நெளிந்தார். இடுப்பை ஒரு இஞ்ச் தூக்கி மறுபடி வைத்தார்.

நர்ஸம்மா சிரித்துவிட்டார். "போதும், எங்க பெரியவங்க பாதிப் பேரு இப்படித்தான் நெளியறாங்க. இதுக்கு மேல போட மெத்துன்னு ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"இருக்கு" என்று நான்தான் சொன்னேன். "சாருக்கு நல்லாத் தெரியும், எங்க இருக்குன்னு."

அவர் காது சிவந்துவிட்டது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்மா, தினம் இவ்வளவு நேரமா படுத்திருந்த?"

"இது வாங்க வர்ற ஒரு ஆளுக்கு" என்றேன்.