எதிர்த்தரப்பின் பெயர்

அருந்ததிக்குத் தேர்வு இரண்டாம் நாள் காலை பதினொன்றரைக்கு. பட்டியலில் அவள் பதினெட்டாவது ஆள்.

மலாய்த் தீவு நகரமான ஜார்ஜ்டவுனில் அவள் படித்த சட்டக் கல்லூரி இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இலவசச் சட்ட உதவி மையம் ஒன்று இயங்கியது. சனிக்கிழமைகளில் நிஜமான கட்சிக்காரர்கள் வருவார்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அவர்களிடம் பேசுவதற்கு முன், மாடியில் ஒரு பொய்க் கட்சிக்காரரிடம் பேசித் தேற வேண்டும். முப்பது நிமிடம். நடந்ததைக் கேட்டு வாங்குவதற்கு நாற்பது மதிப்பெண், தொழில் நெறிக்கு முப்பது, மீதி பேச்சுக்கும் குறிப்புக்கும். தமிழ் பேசும் மாணவர்களுக்குத் தமிழ் பேசும் கட்சிக்காரர்.

அந்தக் கட்சிக்காரர் ஹபீபா பீவி. ஓய்வு பெற்ற பள்ளிக்கூடக் கிளார்க். எட்டு வருடங்களாக இந்த வேலையைச் செய்கிறார். இதுவரை நான்கு முறை விவாகரத்து கேட்டிருக்கிறார், இரண்டு முறை லாரியில் அடிபட்டிருக்கிறார். இந்த வருடம் அவர் தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் ஒரு ஜாதிக்காய்த் தோட்டத்துக்குள் குடியிருக்கும் நூர்ஜான். நிலத்துக்காரர் வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார். நூர்ஜானின் கையில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. காகிதம் பழையதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஹபீபா பீவி அதைத் தேத்தண்ணீரில் நனைத்து உலர்த்தியிருந்தார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மூலையில், மதிப்பெண் தாளோடு முத்துவீரப்பன் உட்கார்ந்திருந்தார். வக்கீல். கீழே மையத்தை நடத்துபவரும் மேலே தேர்வு வைப்பவரும் அவர்தான். தேர்வின்போது அவர் பேசக் கூடாது. பொதுவாகவும் அவர் அதிகம் பேசுவதில்லை.

அருந்ததி உள்ளே வந்து வணக்கம் சொன்னாள். தான் மாணவி, மேற்பார்வைக்கு ஒரு வக்கீல் இருக்கிறார், நீங்கள் சொல்வது எங்கள் இருவரையும் தாண்டிப் போகாது என்று தெளிவாகச் சொன்னாள். பிறகு, "என்ன நடந்துச்சுன்னு உங்க வாயாலேயே சொல்லுங்கம்மா. நான் குறுக்க பேச மாட்டேன்" என்றாள்.

இதற்கு நடுவில் அவள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். எதிர்த்தரப்பு யார் என்று. வக்கீலுக்கும் எதிராளிக்கும் ஏதாவது தொடர்பு இருக்கிறதா என்று கதையைக் கேட்பதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று அந்தக் கேள்வியைப் பழகியிருந்தாள். அன்று அது வாயில் வரவில்லை. முத்துவீரப்பன் தாளில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டார்.

மற்றதெல்லாம் நன்றாகவே போனது. காகிதத்தை வாங்கிப் படித்தாள். 'இந்த வீட்டிலும் சுற்றியுள்ள நிலத்திலும் நீயும் உன் மக்களும் இருந்துகொள்ளலாம். ஜாதிக்காயும் உங்களுக்கே' என்று இருந்தது. கீழே தேதி: 2603, ஜூலை 9.

இந்தத் தேதியில்தான் பலர் விழுந்தார்கள். இருவர் எழுத்துப் பிழை என்று குறித்துக்கொண்டார்கள். ஒருவர் போலிப் பத்திரம் என்று நூர்ஜானிடமே சொல்லிவிட்டார்.

அருந்ததி கேட்டாள். "இந்த வருஷத்தை யாரும்மா இப்படி எழுதினது?"

"நிலத்துக்காரரோட தாத்தா. ஜப்பான்காரன் காலத்துல ஆபீஸ்ல கிராணியா, அதான் கிளார்க்கா, இருந்தாராம். அப்ப அவங்க வருஷத்தைத்தான் எழுதணும். நம்ம கணக்குக்கு நாப்பத்தி மூணு."

"அவர் ஏன் உங்க குடும்பத்துக்கு இப்படி எழுதிக் கொடுத்தாரு?"

"டவுன்ல சாப்பாட்டுக்கு வழியில்ல. எங்க மாமனாரோட அத்தா தோட்டத்துல மரவள்ளி நட்டு, வாரா வாரம் சைக்கிள்ல கொண்டாந்து அவங்களுக்குக் கொடுத்தாரு. சயாம் மரண ரயில் வேலைக்கு ஆள் பிடிக்கிறாங்கன்னு அந்த வீட்டுப் பையனை மூணு மாசம் ஒளிச்சும் வெச்சிருந்தாரு. அதுக்குத்தான்."

அருந்ததி எழுதிக்கொண்டாள். பிறகு, "இவ்வளவுதானா இந்தக் காகிதம், வேற பக்கம் இருக்கா?" என்று கேட்டாள். அதைக் கேட்டால் மட்டுமே சொல்ல வேண்டும் என்று ஹபீபா பீவி கையிலிருந்த வசனத் தாளில் இருந்தது. பதினேழு பேரில் ஐந்து பேர்தான் கேட்டிருந்தார்கள்.

"இருக்கு. வீட்டுல அலமாரியில. அதுல, சண்டை முடிஞ்சு நாங்க திரும்பி வர்ற வரைக்கும்னு எழுதியிருக்கு." ஹபீபா பீவி முந்தானையை முகத்தருகே கொண்டுபோனார். "அதைக் கொளுத்திட்டா என்னம்மா? இருக்கிறது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும்தான் தெரியும்."

"கொளுத்துங்கன்னு நான் சொல்ல முடியாது. மறைக்கவும் உதவ முடியாது. கேஸ் கோர்ட்டுக்குப் போனா, சம்பந்தப்பட்ட காகிதம் எல்லாத்தையும் காட்டச் சொல்லுவாங்க. அப்ப இல்லன்னு எங்களால சொல்ல முடியாது. இல்லன்னுதான் சொல்லணும்னு நீங்க நின்னா, நாங்க விலகிக்கணும். ஆனா இப்ப நீங்க சொன்னதை நாங்களா போய் யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

முத்துவீரப்பன் நான்கு கட்டங்களை நிரப்பினார். இன்னும் எட்டு நிமிடம் இருந்தது. அருந்ததி கேட்டதையெல்லாம் சுருக்கித் திருப்பிச் சொன்னாள். சொல்லும்போதுதான் குறிப்பேட்டில் ஓர் இடம் வெறுமையாக இருப்பது கண்ணில் பட்டது.

"நிலத்துக்காரர் முழுப் பேரு என்னம்மா?"

ஹபீபா பீவி தாளைப் பார்த்துக்கொண்டார். "நாகநாதன். அப்புத்துரை மகன். ஸ்கூல் தலைமையாசிரியரா இருந்து ரிட்டையர் ஆனவரு. புலாவ் திக்குஸ்ல வீடு."

அருந்ததி 'நாக' என்று எழுதி நிறுத்தினாள்.

அவளுடைய அம்மாவின் அண்ணன் பெயர் நாகநாதன். தாத்தா பெயர் அப்புத்துரை. மாமா புலாவ் திக்குஸில் இருந்தார், தலைமையாசிரியராக இருந்தவர். பாலிக் புலாவ் தோட்டத்தில் ஒவ்வொரு வருடமும் டுரியான் பழம் தின்றிருக்கிறாள். அங்கே குடியிருந்த அக்கா ஒருவர் ஜாதிக்காய் ஊறுகாய் கொடுப்பார். இது தேர்வா, நிஜமா என்று ஒரு கணம் அவளுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் நிஜமாகவே நினைத்து நடந்துகொள்ளவும் என்று தேர்வுக் குறிப்பில் முதல் வரியாக எழுதியிருந்தது. அவள் பேனாவை மூடினாள்.

"அம்மா, இந்தப் பேரை நான் முதல்லயே கேட்டிருக்கணும். கேட்காதது என் தப்பு. இவர் எனக்குச் சொந்தக்காரர். உங்க கேஸை நான் பார்க்க முடியாது. இதுக்கு மேல எதுவும் என்கிட்ட சொல்லாதீங்க."

ஹபீபா பீவி தாளைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். இதற்குப் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. முத்துவீரப்பனைப் பார்த்தார். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருட அனுபவத்தில் ஹபீபா பீவி தானாகவே கேட்டார்.

"அப்ப நான் இவ்வளவு நேரம் சொன்னது?"

"யார்கிட்டயும் போகாது. அவர்கிட்டயும் போகாது."

"அவரு உன் சொந்தக்காரரு. உன்னை எப்படிம்மா நம்புறது?"

அருந்ததி யோசித்தாள். "நம்புங்கன்னு கேட்க மாட்டேன். இந்தக் குறிப்பை மேற்பார்வை வக்கீல்கிட்ட கொடுத்துடறேன், எனக்குன்னு ஒரு பிரதி வெச்சுக்க மாட்டேன். நடந்ததை அவர் உங்களுக்கு எழுத்துல சொல்லுவாரு. வேற வக்கீல் ஏற்பாடு பண்ணச் சொல்றேன்."

நேரம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது தேர்வு முடிந்தது. ஹபீபா பீவி அழ வேண்டிய இடம் இன்னும் வரவில்லை.

முத்துவீரப்பன் பேனாவை வைத்தார். "கேட்க மறந்ததைச் சமாளிக்க ஒரு சொந்தக்காரரை உண்டாக்கிட்ட. கெட்டிக்காரத்தனம்தான். ஆனா மார்க் இல்ல."

"உண்டாக்கல சார். எங்கம்மாவோட அண்ணன்."

அவர் ஹபீபா பீவியிடமிருந்து தாளை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். அந்தக் கதையை அவர் உண்டாக்கவில்லை. ஏழு மாதங்களுக்கு முன் கீழே மையத்துக்கு வந்த சித்தி ஹாஜரா என்ற பெண்ணின் கோப்பிலிருந்து எடுத்திருந்தார். தேதிச் சிக்கல் நல்ல கேள்வி என்று தோன்றியது. கணினியில் பெயர்களையெல்லாம் ஒரே கட்டளையில் மாற்றினார். நாகநாதனின் பெயர் கோப்பில் ஓரிடத்தில் மட்டும் ஓர் எழுத்து மாறி, வாசித்தால் வித்தியாசம் தெரியாதபடி தட்டச்சாகியிருந்தது. அது மாறாமல் தங்கிவிட்டது; ஏழு மாதமாகப் பழகிய பெயர் என்பதால், இரண்டு நாளாகக் கேட்டும் அவர் காதில் உறுத்தவில்லை. அப்பா பெயரையும் ஊரையும் உத்தியோகத்தையும் மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது.

"இது என் தப்பு. உன்னோடது ஒரு கேள்வி. என்னோடது முழுக் கோப்பு" என்றார். பிறகு அவள் குறிப்பேட்டிலிருந்து மூன்று பக்கங்களைக் கிழித்துத் தரச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்திட்டார். வெளியே காத்திருந்த ஐந்து பேரிடம் தேர்வு தள்ளிவைக்கப்பட்டது என்று சொல்லச் சொன்னார். தேத்தண்ணீர்க் காகிதத்தையும் வாங்கிக்கொண்டார்.

"இந்தக் காகிதத்துக்கு நான் ரொம்ப மெனக்கெட்டேன் சார்" என்றார் ஹபீபா பீவி.

"தெரியும்மா."

அன்று மாலையே கல்லூரிக்கு அறிக்கை எழுதினார். மறுநாள் பாலிக் புலாவுக்குக் காரோட்டிப் போய் சித்தி ஹாஜராவிடம் நேரில் சொன்னார். அந்தப் பெண் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, எத்தனை பேருக்குத் தெரியும் என்று கேட்டாள். நடித்த அம்மாவைத் தவிர பதினெட்டு மாணவர்கள் கதையைக் கேட்டார்கள், அவர்களில் ஆறு பேருக்கு இரண்டாம் பக்கமும் தெரியும், அந்த ஆறில் ஒருத்தி நாகநாதனின் மருமகள் முறை என்றார். அத்தனை பேரும் எழுத்தில் உறுதி கொடுப்பார்கள் என்றும் சொன்னார். "நீங்க வேணாம் சார். வேற ஆள் பார்த்துக் கொடுங்க" என்றாள். அவர் இரண்டு பெயர்களும், புகார் செய்ய விரும்பினால் அதற்கான வழக்கறிஞர் வாரியத்தின் முகவரியும் கொடுத்துவிட்டு வந்தார்.

மூன்றாவது வாரம் நாகநாதன் மாமா தங்கை வீட்டுக்குச் சாப்பிட வந்தார். இடியப்பம், சொதி.

"தோட்டத்துல இருக்கிறவ ஜப்பான் காலத்துக் கடுதாசி ஒண்ணைக் காட்டுறா லா," என்றார். "எங்க தாத்தா கையெழுத்துதான். எனக்கென்னமோ அது பாதிக் கடுதாசி மாதிரி தெரியுது. அருந்ததி, நீ சட்டம் படிக்கிறியே, என்ன சொல்ற?"

அருந்ததி சொதிக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஒரே ஒரு தலையசைப்பு போதும். மாமா அவளுக்கு முதல் வருடக் கல்லூரிக் கட்டணம் கட்டியவர்.

"இதைப் பத்தி என்கிட்ட பேசாதீங்க மாமா. உங்க வக்கீல்கிட்ட கேளுங்க."

"உன் அபிப்பிராயத்தைத்தானே கேட்டேன்."

"எதுவும் சொல்ல மாட்டேன் மாமா. இன்னிக்கும் இல்ல, கேஸ் முடியற வரைக்கும் இல்ல."

"மாமாவுக்கு உதவி இல்லாத படிப்பு என்ன படிப்பு," என்றாள் அம்மா கனகேஸ்வரி. மாமா இடியப்பத்தில் இரண்டை மிச்சம் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். அவர் மிச்சம் வைத்து யாரும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு நான்கு மாதம் அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மா அந்த நான்கு மாதத்தையும் அருந்ததியின் கணக்கில் எழுதினாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்ப் பந்தலில் மாமா தானாகவே வந்து அவளிடம் ஒரு கிளாஸ் மோர் நீட்டினார்.

"முடிஞ்சுது," என்றார். "அவளோட புது வக்கீல் முழுக் கடுதாசியையும் அனுப்பிட்டார். ரெண்டு பக்கமும். நான் அதை வெச்சு அவளை வெளியேத்தியிருக்கலாம்."

"வெளியேத்தலியா?"

"ஜப்பான் காலத்துல அவங்க வீட்டுல ஒளிஞ்சிருந்த பையன் எங்க சித்தப்பாவாம். எனக்கே தெரியாது. அவ உயிரோட இருக்கிற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்னு கையெழுத்துப் போட்டுட்டேன். தோட்டம் எனக்கு." அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உனக்கு அப்பவே தெரியுமா?"

அருந்ததி மோரைக் குடித்தாள்.

"அதையும் சொல்ல மாட்ட," என்றார் மாமா, காலி கிளாஸை வாங்கிக்கொண்டு.